கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே விரிப்பில் இருக்கும்போது என்ன பேசுவது?

"அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ரமலானில் எங்கள் ஜமாஅத்தில் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து நோன்பு திறக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மஃரிபுக்கு முன்னால் தர்மம், நன்றி இரண்டையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லிவிட்டார்கள். நான் ஆலிம் இல்லை. பணம் கொடுத்தவர்களும் இருப்பார்கள், ஜமாஅத்தில் உதவி வாங்குகிற குடும்பங்களும் இருப்பார்கள், சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். எதை எடுத்துப் பேசுவது?"

வ அலைக்கும் ஸலாம். யார் யார் வருவார்கள் என்று யோசித்துவிட்டுக் கேட்டீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக இப்படித்தான் பேசுவார்கள்: முதல் பாதி முழுக்க "கொடுங்கள், கொடுங்கள்"; இரண்டாம் பாதி முழுக்க "கிடைத்ததற்கு நன்றியோடு இருங்கள்". சொல்கிறவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருக்காது. ஆனால் கேட்கிறவர்கள் மனதில் முதல் பாதி வசதி உள்ளவர்களுக்கு, இரண்டாம் பாதி இல்லாதவர்களுக்கு என்று தானாகப் பிரிந்துவிடும். உதவி வாங்கிய ஒரு தாய், தன் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நன்றி மறக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் அதை யாருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்?

அதனால் நான் சொல்வது இதுதான்: இரண்டையும் இடம் மாற்றிப் பேசுங்கள். நன்றியைக் கொடுத்தவர் பக்கம் திருப்புங்கள். தர்மம் செய்யும் தகுதியை வாங்கியவர் பக்கமும் வையுங்கள். இது நாமாகச் செய்கிற சமாளிப்பு இல்லை. குர்ஆனும் ஹதீஸும் அப்படித்தான் பேசுகின்றன.

முதலில் ஒரு வசனம், அதற்கு மேல் வேண்டாம். 76ஆவது அத்தியாயம் அல்-இன்ஸான், 8, 9 வசனங்கள். நல்லவர்களைப் பற்றிச் சொல்லும்போது, உணவின் மீது தங்களுக்கே விருப்பம் இருந்தும் அதை ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் கொடுப்பார்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். அதற்கு அடுத்து அவர்களுடைய நிலை வருகிறது: அல்லாஹ்வின் திருப்திக்காகவே உங்களுக்கு உணவளிக்கிறோம், உங்களிடமிருந்து பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை. நோன்பு திறக்கப் போகிற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியவில்லை. உணவின் மீது விருப்பம் என்றால் என்ன என்பதை அந்த நிமிடத்தில் நீங்கள் விளக்கவே வேண்டாம். எல்லோர் முன்னாலும் உணவு இருக்கும், யாரும் இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வசனத்தில் ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். "உங்களிடம் நன்றி எதிர்பார்க்கவில்லை" என்பதை அவர்கள் வாங்கியவரின் முகத்துக்கு நேரே சொன்னார்களா? முஜாஹித், ஸயீத் இப்னு ஜுபைர் போன்ற ஆரம்ப கால விரிவுரையாளர்கள், அவர்கள் அதை நாவால் சொல்லவில்லை, அவர்கள் உள்ளத்தில் இருந்ததை அறிந்து அல்லாஹ்வே அவர்களைப் பாராட்டிச் சொன்னான் என்று விளக்கியதை இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் எடுத்துத் தருகிறார். இது பெரிய விஷயம். "நான் உன்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதே சில நேரம் ஒரு சொல்லிக்காட்டல் ஆகிவிடும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனம் புண்படுத்தியும் உங்கள் தர்மங்களை வீணாக்காதீர்கள் என்று 2:264 எச்சரிக்கிறது. அதற்கு முந்தைய வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மனம் நோகச் செய்யும் தர்மத்தைவிட, ஒன்றும் கொடுக்காமல் சொல்கிற ஒரு நல்ல வார்த்தையும் மன்னிப்பும் மேல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நீட்ட வேண்டாம். "ஒருவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு அப்புறம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், கொடுத்ததும் போச்சு" என்றால் போதும், பிடித்துக்கொள்வார்கள். தம்பிக்குப் பொம்மையைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கச் சொல்லிக்காட்டிய அனுபவம் அவர்களுக்கே இருக்கும்.

அப்புறம் சம்பவத்துக்கு வாருங்கள். உங்கள் பேச்சின் பெரும்பகுதி இதுவாகவே இருக்கட்டும். ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிற நிகழ்ச்சி, புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பெண் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து உதவி கேட்கிறார். அந்த நேரம் ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரே ஒரு பேரீச்சம்பழத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதைக் கொடுக்கிறார்கள். அந்தத் தாய் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். தான் சாப்பிடவில்லை. எழுந்து போய்விடுகிறார். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஆயிஷா (ரலி) நடந்ததைச் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகளால் சோதிக்கப்படுகிறவருக்கு அவர்களே நரகத்திலிருந்து காக்கும் திரையாவார்கள் என்று நபியவர்கள் சொல்கிறார்கள்.

முஸ்லிமில் இதே போன்ற இன்னொரு அறிவிப்பும் உண்டு. அதில் மூன்று பழங்கள். தாய் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் வாய்க்குக் கொண்டு போகிறார். பிள்ளைகள் அதையும் கேட்கிறார்கள். தான் சாப்பிட எடுத்த அதையும் பிளந்து இருவருக்கும் கொடுத்துவிடுகிறார். அந்தச் செயல் தன்னை வியக்க வைத்தது என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். அதனாலேயே அல்லாஹ் அந்தப் பெண்ணுக்குச் சொர்க்கத்தை உறுதியாக்கிவிட்டான், அல்லது நரகத்திலிருந்து விடுதலை கொடுத்துவிட்டான் என்று நபியவர்கள் சொன்னதாக அதில் வருகிறது. மேடையில் பேசுகிறவர்கள் பல நேரம் இந்த இரண்டு அறிவிப்பையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். ஒரு பழம் என்று ஆரம்பித்து மூன்றாவது பழத்தில் முடிப்பார்கள்! ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை சொல்லுங்கள். பிள்ளைகள் நிறைய இருந்தால் மூன்று பழம் உள்ளதை எடுங்கள். வாய் வரை போன பழம் திரும்பி வருகிற இடம் அவர்களுக்கு மறக்காது.

சம்பவத்தைச் சொல்லி முடித்ததும் உடனே பாடம் எடுக்கத் தோன்றும். அதற்குப் பதில் சபையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தச் சம்பவத்தில் தர்மம் செய்தது யார்? எல்லோரும் ஆயிஷா (ரலி) என்பார்கள். சரிதான், வீட்டில் இருந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் நபியவர்கள் நற்செய்தி சொன்னது யாருக்கு? கேட்டு வந்த அந்தத் தாய்க்கு. கையேந்தி வாங்கிய அதே பழம் அவர் கையில் தர்மமாக மாறுகிறது. உதவி வாங்கும் குடும்பங்கள் இருக்கிற சபையில் இதைச் சொல்லும்போது அவர்களைப் பார்க்கவும் வேண்டாம், சுட்டவும் வேண்டாம். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். இல்லாத வீட்டில் தாய் பிள்ளைக்கு ஊட்டுவதை நாம் தர்மக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்த ஹதீஸ் சேர்க்கிறது.

இரண்டாவது கேள்வி: நன்றி சொன்னது யார்? அந்தத் தாய் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று அறிவிப்பில் இல்லை. எழுந்தார், போனார். ஆயிஷா (ரலி) நபியவர்களிடம் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். "கடைசிப் பழத்தையும் கொடுத்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்" என்ற குறை அதில் இல்லை. அந்தப் பெண் செய்ததைத்தான் வியந்து சொல்கிறார்கள். கொடுத்தவர் வாங்கியவரைப் பார்த்து வியக்கிறார். உங்கள் பேச்சு முழுவதிலும் ஒரே ஒரு வாக்கியம் சபையின் மனதில் தங்க வேண்டும் என்றால் அது இந்த வாக்கியமாக இருக்கட்டும்.

புகாரி இமாம் இந்த ஒரு பழ ஹதீஸை ஸகாத் பகுதியில், பேரீச்சம்பழத்தின் ஒரு பாதியைக் கொண்டாவது நரகத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்ற பாடத்தின் கீழ் வைத்திருக்கிறார். அந்தப் பாதிப் பழத்தைப் பற்றிய சொல் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு நல்ல வார்த்தையைக் கொண்டாவது என்றும் அவர் வழியாக வந்திருக்கிறது. பாதிப் பழம் என்பது வெறும் குறைந்தபட்ச அளவைச் சொல்லும் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தால், அடுத்த ஹதீஸிலேயே ஒரு தாயின் கையில் நிஜமாகவே இரண்டு பாதிகள் இருக்கின்றன. நீங்கள் விரும்பினால் பிள்ளைகளிடம், "பாங்கு சொன்னதும் உங்கள் பழத்தைப் பிட்டு ஒரு பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்" என்று சொல்லலாம். ஆனால் இது சுன்னத் என்று சொல்லிவிடாதீர்கள், கேட்டதை ஞாபகம் வைக்க நாம் செய்து பார்ப்பது, அவ்வளவுதான். புதிய பேரீச்சம்பழம், அது இல்லையென்றால் காய்ந்தது, அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீர் என்று தொழுகைக்கு முன் நபியவர்கள் நோன்பு திறப்பார்கள் என அனஸ் (ரலி) சொல்வதுதான் சுன்னத்.

சரி, நன்றியைப் பற்றிப் பேசாமல் விடவும் முடியாது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் எதற்குப் பொருத்திச் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஜமாஅத் கொடுத்த உதவிப் பணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். அன்றைய உணவோடு சேருங்கள். நோன்பு வைத்துக்கொண்டே பகல் முழுக்கச் சமைத்தவர்கள், விரிப்பு போட்டவர்கள், எல்லோரும் தொழுகைக்கு எழுந்த பிறகு பாத்திரம் கழுவப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உணவுக்கு முன்னால் பணக்காரரும் ஏழையும் வாங்குகிறவர்கள்தான். அப்போது அந்த ஹதீஸ் சபையில் ஒருவரைக்கூட விடாமல் எல்லோருக்கும் பொருந்தும். யாரும் தலை குனிய வேண்டியதும் இல்லை.

விருந்தாளியின் நன்றியை நபியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. ஸஅத் இப்னு உபாதா (ரலி) வீட்டுக்குப் போனபோது அவர் ரொட்டியும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு நபியவர்கள் துஆ செய்தார்கள்: உங்களிடம் நோன்பாளிகள் நோன்பு திறக்கட்டும், நல்லவர்கள் உங்கள் உணவை உண்ணட்டும், வானவர்கள் உங்களுக்காகப் பிரார்த்திக்கட்டும். இதுவும் அபூதாவூதில் இருப்பது. இதைச் சொல்லிக் கொடுத்து, சமைத்தவர்களுக்காகச் சபையே ஒன்றாகச் சொல்லட்டும். கொடுத்த உணவுக்குப் பதிலாக அவர்கள் பெறுவது ஒரு பிரார்த்தனை. அதைத் தர முடியாத ஏழை கிடையாது.

அல்லாஹ்வுக்கு நன்றி என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நோன்பு கடமை என்று சொல்லும் 2:183 தக்வாவில் முடிகிறது. ரமலானைப் பற்றிச் சொல்லும் 2:185 "நீங்கள் நன்றி செலுத்துவதற்காக" என்று முடிகிறது. நோன்பு திறந்ததும் நபியவர்கள் சொன்ன துஆவை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்: தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியானது. தாகம் தணிந்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தைகள் இவை. அதனால் பிள்ளைகளிடம் முதல் மிடறு குடித்ததும் சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் இறங்குகிறபோது அதன் பொருளை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நடைமுறையில் எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேச்சு நன்றாக இருந்தாலும், அது முடிந்த கையோடு அறிவிப்பாளர் எழுந்து இன்ன இன்னவர் இவ்வளவு கொடுத்தார்கள் என்று படித்துவிட்டு, உதவி வாங்கும் குடும்பங்களை முன்னால் அழைத்துப் பையைக் கொடுத்துப் படம் எடுத்தால், நீங்கள் ஓதிய 2:264ஐ அங்கேயே மீறியதாகிவிடும். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் மேல் என்று 2:271 சொல்கிறது. ஆகவே கொடுத்தவர் பெயரைச் சொல்வது கூடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், மற்றவர்களைத் தூண்டும் என்று நினைத்துச் செய்கிறார்கள். வாங்குகிறவரை வெளிப்படுத்த மட்டும் எந்தத் தேவையும் இல்லை. கையேந்தாத கண்ணியத்தால், அறியாதவர் செல்வந்தர் என்று நினைத்துவிடும் ஏழைகளைப் பற்றி 2:273 பேசுகிறது. அப்படி மறைந்திருக்க விரும்புகிறவரைப் படத்தில் நிறுத்துவது அவரிடம் இருக்கிற ஒரே செல்வத்தைப் பறிப்பது. ஏற்பாட்டாளர்களிடம் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். பொருட்களை வேறொரு நாளில் வீட்டுக்கே அனுப்பலாம். ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்தச் சபையைப் பார்த்தால், யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று அவருக்குத் தெரியக் கூடாது.

இன்னொன்று, ஆதாரம் பலவீனமானவற்றைத் தவிருங்கள். ரமலானின் முதல் பகுதி அருள், நடுப்பகுதி மன்னிப்பு, கடைசிப் பகுதி நரக விடுதலை என்றும், இந்த மாதத்தில் ஒரு கடமைக்கு எழுபது மடங்கு என்றும் சொல்லும் நீண்ட அறிவிப்பு மேடைகளில் அதிகம் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் அலீ இப்னு ஸைத் இப்னு ஜுத்ஆன் இருப்பதால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்கிறார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ரமலானில் ஜிப்ரீல் (அலை) சந்திக்கும்போது நபியவர்கள் வீசும் காற்றைவிட வாரி வழங்குபவர்களாக இருந்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்வது புகாரியில் இருக்கிறது. அது போதும்.

ஸகாத் கணக்கை இந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் அது நடக்காது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லலாம்: எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் இந்த விருந்துக்கான செலவை ஸகாத்தில் கழிக்க முடியாது. ஸகாத் யாருக்கு என்பதை 9:60 எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. நோன்பாளிக்கு உணவளிப்பது வேறு நன்மை, அதற்குக் கூலி வேறு.

கணக்கு என்று ஏதாவது சொல்ல விரும்பினால் ஃபித்ராவைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சிறியவர், பெரியவர், ஆண், பெண் எல்லோருக்கும் பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என்று நபியவர்கள் கடமையாக்கியதையும், பெருநாள் தொழுகைக்கு மக்கள் போகும் முன் கொடுக்கச் சொன்னதையும் இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு ஸாஉ என்பது நான்கு முத். ஒரு முத் என்பது நடுத்தர உடலமைப்பு உள்ள ஒரு பெரியவர் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளுகிற அளவு. அப்படியானால் கைக்குழந்தையோடு ஐந்து பேர் உள்ள வீட்டில் வாப்பா இருபது முறை இரு கையாலும் அள்ள வேண்டும். அரிசியாக நிறுத்தால் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ வரை சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஸாஉ இதைவிடப் பெரியது, கோதுமையில் அரை ஸாஉ போதும், அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். உங்கள் பள்ளிவாசலில் அறிவிக்கிற அளவையே சொல்லுங்கள், சபையில் குழப்ப வேண்டாம். வீட்டில் வாப்பா அள்ள, பிள்ளைகள் எண்ணட்டும். தனக்காகவும் நான்கு முறை அள்ளப்படுகிறது என்பதைப் பார்க்கிற பிள்ளை, தானும் கொடுக்கிறவன்தான் என்று தெரிந்துகொள்ளும்.

நீங்கள் ஷாஃபிஈ ஜமாஅத் என்றால் இதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் குடும்பத்துக்கு வேண்டியது போக மிச்சம் இருந்தாலே ஃபித்ரா கடமை என்பது ஷாஃபிஈ உட்படப் பெரும்பாலான மத்ஹபுகளின் நிலை. ஹனஃபியில்தான் நிஸாப் அளவு சொத்து இருக்க வேண்டும். ஆக, ஃபித்ரா வாங்குகிற ஒரு குடும்பமே ஃபித்ரா கொடுக்கிற குடும்பமாகவும் இருக்கலாம். ஆயிஷா (ரலி) சம்பவத்துக்குப் பிறகு இதைச் சொன்னால் அதே பேச்சின் தொடர்ச்சியாக இருக்கும்.

நேரத்தில் கறாராக இருங்கள். மஃரிபுக்கு அரை மணி நேரம் முன்னால் ஆரம்பித்து, பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நோன்பாளியின் துஆ மறுக்கப்படாது என்று திர்மிதியில் வந்திருக்கிறது. கடைசி நிமிடங்கள் அவரவர் துஆவுக்கு உரியவை, அதில் நம் குரல் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. நேரம் வந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறந்து வரும் காலமெல்லாம் மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். பாங்கு கேட்ட பிறகும் "ஒரே ஒரு நிமிடம்" என்று தொடர்கிறவர், அதுவரை சொன்ன நல்லதையும் கேட்டவர் மனதிலிருந்து எடுத்துவிடுவார்.

ஏற்பாடு தாமதமாகி ஐந்து நிமிடம்தான் மிஞ்சியது என்றால், வசனத்தையும் ஃபித்ராவையும் விட்டுவிடுங்கள். ஆயிஷா (ரலி) சம்பவத்தை மட்டும் அவசரப்படாமல் முழுதாகச் சொல்லி, அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பதிலை வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.